ஒரே தேர்வை 200 முறை எழுதிய பைடு: ஏஐ-க்கு மூன்று வகை டேட்டா எதற்கு? டெஸ்ட் டேட்டாவைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும்?

2015 மே மாதம். படத்தைப் பார்த்து அதில் இருப்பது என்ன என்று சொல்லும் ஏஐ தொழில்நுட்பத்தில் கூகுளையும் மைக்ரோசாஃப்டையும் முந்திவிட்டதாகச் சீனாவின் பைடு நிறுவனம் அறிவித்தது. பைடுவின் தவறு விகிதம் 4.58%. கூகுளுக்கு 4.82%, மைக்ரோசாஃப்டுக்கு 4.94%. இதே வேலையை ஒரு மனிதர் செய்து பார்த்தபோது வந்த தவறு 5.1%.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஜூன் 2-ஆம் தேதி 'இமேஜ்நெட்' போட்டியின் அமைப்பாளர்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். பைடு அணி குறைந்தது 30 கணக்குகள் மூலம், குறைந்தது 200 முறை தேர்வு சர்வரில் தன் விடைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது என்றது அந்த அறிக்கை. அனுமதிக்கப்பட்டதோ வாரத்துக்கு இரண்டே முறை. பைடு அணி மன்னிப்புக் கேட்டது. 12 மாதங்களுக்கு அந்த அணி விடைகளைச் சமர்ப்பிக்கக் கூடாது என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பைடு யாருடைய விடைத்தாளையும் திருடவில்லை. சர்வருக்குள் புகுந்து சரியான விடைகளை எடுக்கவும் இல்லை. விடையை அனுப்பி மதிப்பெண்ணைப் பார்த்தது, அவ்வளவுதான். சரி, இதுல என்ன தப்பு?

இதைப் புரிந்துகொள்ள, ஏஐ-யை உருவாக்கும்போது டேட்டாவை ஏன் மூன்று பங்காகப் பிரிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மூன்று பங்கு எதற்கு?

இமேஜ்நெட் போட்டியையே எடுத்துக்கொள்வோம். நாய் வகைகள், பறவைகள், வாகனங்கள், பாத்திரங்கள் என 1,000 வகைப் பொருட்களின் படங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் கணினி ஐந்து விடைகள் சொல்லலாம். அந்த ஐந்தில் சரியான விடை இல்லையென்றால் அது தவறு.

மொத்தப் படங்களையும் அமைப்பாளர்கள் மூன்றாகப் பிரித்திருந்தார்கள். சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் படங்கள் பயிற்சிக்கு, அதாவது டிரெயினிங் செட். 50 ஆயிரம் படங்கள் சரிபார்ப்புக்கு, அதாவது வேலிடேஷன் செட். ஒரு லட்சம் படங்கள் இறுதித் தேர்வுக்கு, அதாவது டெஸ்ட் செட். முதல் இரண்டுக்கும் விடைகள் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டன. டெஸ்ட் செட்டுக்குப் படங்கள் மட்டும்தான். விடைகள் அமைப்பாளர்களிடமே இருந்தன.

முதல் பங்கு எதற்கு என்பதில் குழப்பம் இல்லை. படத்தையும் விடையையும் சேர்த்துக் காட்டித்தான் கணினிக்குப் பழக்க முடியும். கணினி ஒரு விடை சொல்லும், தவறு என்றால் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்கள் கொஞ்சம் மாற்றப்படும். இதுதான் பயிற்சி.

பிரச்னை எங்கே வருகிறது என்றால், போதுமான அளவு பெரிய மாடலுக்குப் பயிற்சிப் படங்களை அப்படியே மனப்பாடம் செய்துவிடும் திறன் உண்டு. 'நாய் என்றால் எப்படி இருக்கும்' என்று கற்றுக்கொள்ளாமல், 'பச்சைப் புல்வெளியில் இடது மூலையில் சிவப்புப் பந்து இருக்கும் அந்தப் படம் நாய்' என்று அது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பயிற்சிப் படங்களில் 100-க்கு 100 வாங்கும். புதுப் படத்தைக் காட்டினால் திணறும். புத்தகத்தின் பின்பக்க வினாக்களை மட்டும் உருப்போட்ட மாணவர், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் முழிப்பாரே, அதே கதைதான்.

அதனால் பயிற்சி டேட்டாவில் வாங்கும் மதிப்பெண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். மாடல் இதுவரை பார்க்காத படங்களில்தான் சோதிக்க வேண்டும்.

அப்படின்னா இரண்டு பங்கு போதாதா?

ஒன்று பயிற்சிக்கு, இன்னொன்று தேர்வுக்கு என இரண்டு இருந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் மாடலை உருவாக்குபவர் ஒரே ஒரு மாடலைச் செய்துவிட்டு நிறுத்துவதில்லை.

மாடலுக்கு எத்தனை அடுக்குகள் வைப்பது? ஒவ்வொரு தவறுக்கும் உள்ளே இருக்கும் எண்களை எவ்வளவு மாற்றுவது? பயிற்சியை எந்த இடத்தில் நிறுத்துவது? படங்களைச் சாய்த்தும், நிறம் மாற்றியும் காட்டலாமா? இதையெல்லாம் மனிதர்தான் முடிவு செய்கிறார். ஒவ்வொரு முடிவுக்கும் பல வாய்ப்புகள். எனவே பத்து, ஐம்பது, சில நேரம் நூற்றுக்கணக்கான மாடல்களைச் செய்து, எது நன்றாக வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த ஒப்பீட்டுக்குத்தான் வேலிடேஷன் செட். பள்ளியில் பொதுத்தேர்வுக்கு முன்பு நடக்கும் திருப்புதல் தேர்வு மாதிரி. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். எங்கே மதிப்பெண் போகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் இங்கேதான் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. 50 மாடல்களில் வேலிடேஷனில் முதலிடம் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால், அது உண்மையிலேயே நல்ல மாடலாக இருக்கலாம். அந்தக் குறிப்பிட்ட 50 ஆயிரம் படங்கள் அதற்கு அதிர்ஷ்டவசமாகச் சாதகமாக அமைந்திருக்கவும் செய்யலாம். பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய மதிப்பெண், உண்மைத் திறனைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு உண்மை நிலவரத்தைச் சொல்லத்தான் மூன்றாவது பங்கு. எந்த முடிவுக்கும் பயன்படுத்தப்படாத, கடைசியில் ஒருமுறை மட்டும் திறக்கும் டெஸ்ட் செட். டெஸ்ட் செட்டின் மதிப்பே, அதைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்பதில்தான் இருக்கிறது.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்ல வேண்டிய 1,000 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு. கேள்வித்தாளையே படிக்காமல், ஒவ்வொரு கேள்விக்கும் நாணயத்தைச் சுண்டிப் பதில் எழுதுகிறோம். சராசரியாக 500 சரியாக வரும். பெரும்பாலான நேரம் 470-க்கும் 530-க்கும் இடையில் இருக்கும். அறிவு பூஜ்யம், மதிப்பெண் சுமார் 50%.

இப்போது இதே மாதிரி 200 விடைத்தாள்களை நாணயம் சுண்டியே தயாரித்து, ஒவ்வொன்றாக அனுப்பி மதிப்பெண் வாங்குகிறோம். அந்த 200-இல் மிக அதிகம் வாங்கியது ஏறக்குறைய 540-ஐத் தாண்டியிருக்கும். அதை மட்டும் வெளியே காட்டினால், 'எங்கள் முறை 54% சரியாகச் சொல்கிறது' என்று அறிவிக்கலாம். ஆனால் அதற்கு ஒன்றுமே தெரியாது.

இதைவிடத் தந்திரமான வழியும் உண்டு. அந்த 200 விடைத்தாள்களில் 500-க்கு மேல் வாங்கியவற்றை மட்டும் தனியே எடுங்கள். சுமார் 100 இருக்கும். இனி ஒவ்வொரு கேள்விக்கும் இந்த 100 தாள்களில் பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதைப் பதிலாக எழுதிப் புதிதாக ஒரு விடைத்தாள் தயாரியுங்கள். அதை அனுப்பினால் மதிப்பெண் சுமார் 60% வரும். ஒரு கேள்வியைக்கூடப் படிக்காமல்!

எப்படி இது சாத்தியம்? ஒவ்வொரு முறை மதிப்பெண் சொல்லும்போதும், விடைகளைப் பற்றிய ஒரு சின்னத் துளித் தகவல் வெளியே கசிகிறது. 'இந்தத் தாள் சரியான விடைகளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது' என்பதே அந்தத் தகவல். ஒரு துளியால் ஒன்றும் ஆகாது. 200 துளிகளைச் சேர்த்தால், பூட்டி வைத்த விடைத்தாள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

அதே விடைத்தாளை வைத்துக்கொண்டு வேறு 1,000 கேள்விகள் கொண்ட புதுத் தேர்வுக்குப் போனால்? மறுபடியும் 50%தான்.

அவ்ரிம் பிளம், மோரிட்ஸ் ஹார்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இதே வகைத் தந்திரத்தை விவரித்து, போட்டித் தரவரிசைப் பட்டியல்களை அதிலிருந்து காப்பாற்ற ஒரு முறையையும் முன்வைத்தார்கள். அதன் அடிப்படை எளிமையானது: முந்தைய சிறந்த மதிப்பெண்ணைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடினால் மட்டுமே புது மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழைய மதிப்பெண்ணையே காட்ட வேண்டும். சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் தெரியாவிட்டால் கசியும் தகவலும் குறைந்துவிடும்.

மீண்டும் பைடு விவகாரத்துக்கு வருவோம்

அமைப்பாளர்களின் அறிக்கைப்படி, 2014 நவம்பர் 28 முதல் 2015 மே 13 வரை அந்த 200 சோதனைகள் நடந்தன. இது ஏறக்குறைய 24 வாரங்கள். வாரம் இரண்டு என்ற விதிப்படி ஒரு அணி 48 முறைதான் பார்த்திருக்கலாம். மார்ச் 15 முதல் 19 வரையிலான ஐந்தே நாட்களில் மட்டும் 40-க்கும் அதிகமான முறை விடைகள் அனுப்பப்பட்டிருந்தன.

பைடுவின் மாடல் நாணயம் சுண்டிப் பதில் சொல்லவில்லை. அது உண்மையிலேயே பயிற்சி பெற்ற, திறமையான மாடல். அதில் சந்தேகம் இல்லை. கேள்வி, அது கூகுளைவிட மேலானதா என்பதுதான்.

4.82%-க்கும் 4.58%-க்கும் உள்ள வித்தியாசம் 0.24 சதவீதப் புள்ளி. ஒரு லட்சம் படங்களில் இது வெறும் 240 படங்கள். கூகுள் சுமார் 4,820 படங்களில் தவறியது, பைடு சுமார் 4,580 படங்களில் தவறியது.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மாற்றமும் செய்யாமல் அதே மாடலை, அதே மாதிரியான வேறு ஒரு லட்சம் படங்களில் சோதித்தால், படத் தேர்வின் அதிர்ஷ்டத்தால் மட்டுமே தவறுகளின் எண்ணிக்கை சுமார் 130 வரை கூடலாம், குறையலாம். ஒரே ஒருமுறை சோதித்திருந்தால் 240 என்ற முன்னிலைக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். மாடலை மாற்றி மாற்றி, மதிப்பெண்ணைப் பார்த்துப் பார்த்து, நன்றாக வந்ததை வைத்துக்கொண்டிருந்தால்? அந்த 240-இல் எத்தனை படங்கள் திறமையால் வந்தவை, எத்தனை படங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுக்கி எடுத்ததால் வந்தவை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உண்மையான பாதிப்பு இதுதான். 4.58 என்பது பொய் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதை மெய் என்று நிரூபிக்கும் வழியும் போய்விட்டது. அளவுகோலை வளைத்த பிறகு, நீளத்தைப் பற்றி அந்த அளவுகோலிடம் கேட்டுப் பயனில்லை.

விதியை மீறாமலும் இது நடக்குமா?

நடக்கும். அதுவும் அடிக்கடி.

ஒரு ஆராய்ச்சியாளர் மாடலைச் செய்கிறார். டெஸ்ட் செட்டில் 91% வருகிறது. 'கொஞ்சம் குறைவா இருக்கே' என்று ஒரு அமைப்பை மாற்றுகிறார். மறுபடி டெஸ்ட் செய்கிறார், 91.6%. இன்னொரு மாற்றம், 92%. 'சரி, இது போதும்' என்று நிறுத்தி, '92% துல்லியம்' என்று எழுதுகிறார். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் எப்போது நிறுத்துவது என்ற முடிவையே டெஸ்ட் மதிப்பெண்தான் எடுத்துவிட்டது. அந்த நிமிடமே அவருடைய டெஸ்ட் செட், வேலிடேஷன் செட்டாக மாறிவிட்டது. பெயர் மட்டும் பழையபடி இருக்கிறது.

எனவே ஒரு பங்கு 'டெஸ்ட்' ஆவது அதற்கு வைத்த பெயரால் அல்ல, அது பயன்படுத்தப்படும் விதத்தால். அதைப் பார்த்து எதையாவது மாற்றினால், அது இனி டெஸ்ட் இல்லை.

அப்போ உலகமே பார்த்துப் பழகிய டெஸ்ட்களின் நிலை?

இமேஜ்நெட், சிஃபார்-10 போன்ற படத் தொகுப்புகளை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வந்தார்கள். அப்படியென்றால் இந்தத் துறையின் முன்னேற்றமே வெறும் அதிர்ஷ்டமா?

இந்தச் சந்தேகத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ரெக்ட் உள்ளிட்ட நால்வர் நேரடியாகச் சோதித்தார்கள். பழைய டெஸ்ட் படங்கள் எந்த முறையில் திரட்டப்பட்டனவோ, முடிந்தவரை அதே முறையைப் பின்பற்றிப் புதிய படங்களைத் திரட்டினார்கள். பிறகு ஏற்கெனவே வெளியான மாடல்களைப் புதிய தேர்வை எழுத வைத்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது.

எல்லா மாடல்களின் மதிப்பெண்ணும் இறங்கியது. சிஃபார்-10-இல் 3 முதல் 15 சதவீதம் வரை, இமேஜ்நெட்டில் 11 முதல் 14 சதவீதம் வரை துல்லியம் குறைந்தது.

ஆனால் எதிர்பாராத ஒரு விஷயமும் தெரிந்தது. பழைய தேர்வில் முன்னணியில் இருந்த மாடல்கள் புதிய தேர்விலும் ஏறக்குறைய அதே வரிசையில் முன்னணியில் இருந்தன. திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் காரணம் என்றால், பழைய டெஸ்ட்டுக்கு அதிகம் பழகிய புது மாடல்களே அதிகம் சறுக்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எனவே இறக்கத்துக்கு முக்கியக் காரணம் டெஸ்ட்டை மறுபயன்பாடு செய்தது அல்ல, புதிய படங்கள் சற்றே கடினமாக அமைந்ததுதான் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இதிலிருந்து தெரியவருவது என்ன? டெஸ்ட் செட் பெரிதாக இருந்து, பெரும்பாலானோர் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் அது நினைத்ததைவிட நீண்ட நாள் தாங்கும். யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசையை ஓரளவு நம்பலாம். ஆனால் '94% சரியாகச் சொல்லும்' என்ற எண்ணை அப்படியே வெளி உலகத்துக்குக் கொண்டுபோக முடியாது. மேலும், 240 படம் போன்ற மெல்லிய முன்னிலைகளுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

ஆயிரக்கணக்கில் அல்ல, சில நூறு மட்டுமே இருக்கும் டெஸ்ட் செட் இன்னும் ஆபத்தானது. உதாரணமாக 200 எக்ஸ்-ரே படங்களை வைத்து ஒரு மருத்துவ மாடலைச் சோதித்தால், ஒவ்வொரு படமும் அரை சதவீதம். அதிர்ஷ்டத்தால் மட்டுமே நான்கைந்து சதவீதம் ஏறி இறங்கும். அதைப் பத்து முறை பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுத்தால், காகிதத்தில் தெரியும் முன்னேற்றம் நோயாளிக்கு உதவாமல் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படித் தவிர்ப்பது?

டெஸ்ட் கெட்டுப்போயிருக்கிறதா என்பதை அதே டெஸ்ட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. புதிய டேட்டா வேண்டும். அதில் மதிப்பெண் சட்டென்று இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். புதிய டேட்டா கடினமானதா, பழையது பழகிப்போனதா என்று பிரித்தறிய, பெர்க்லி ஆய்வு செய்ததுபோல எளிய மாடல்களையும் சேர்த்துச் சோதித்து வரிசை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தவிர்ப்பதற்கு, கேகிள் என்ற தரவுப் போட்டித் தளம் ஒரு நல்ல வழியைப் பின்பற்றுகிறது. அங்கே டெஸ்ட் டேட்டாவையே இரண்டாகப் பிரிக்கிறார்கள். போட்டி நடக்கும்போது ஒரு பகுதியின் மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் தெரியும். இறுதி வெற்றியாளரை முடிவு செய்வது, கடைசி வரை யாருக்கும் காட்டாத இன்னொரு பகுதி. அதனால்தான் போட்டி முடிந்த நாளில் முதலிடத்தில் இருந்தவர் சில நேரம் பல படிகள் கீழே இறங்கிவிடுகிறார். வெளியே தெரிந்த மதிப்பெண்ணைத் துரத்தியவர்களுக்கு அங்கே கிடைக்கும் பதில் அது.

சொந்தமாக மாடல் செய்பவர்களுக்கும் வழி இதுவே. ஆரம்பத்திலேயே டெஸ்ட் பங்கைத் தனியே எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். எல்லா ஒப்பீட்டையும் வேலிடேஷனில் முடித்து, எந்த மாடல் என்று முடிவான பிறகு டெஸ்ட்டை ஒருமுறை திறந்து, வரும் எண் பிடிக்காவிட்டாலும் அதையே எழுத வேண்டும். அதற்குப் பிறகும் மாடலை மாற்ற வேண்டியிருந்தால், புதிய டெஸ்ட் டேட்டா சேகரிக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான், ஆனால் வேறு குறுக்குவழி இல்லை.

'எங்கள் ஏஐ 98% சரியாகக் கணிக்கிறது' என்ற செய்தி அடுத்த முறை உங்கள் மொபைலில் வந்தால், இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை கேள்விகள் கொண்ட தேர்வு அது? அந்தத் தேர்வை எத்தனை முறை எழுதிய பிறகு இந்த 98 வந்தது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், முதல் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.